ரிப்போர்ட்டில் காணாமல் போகும் ஊர்கள்: சின்னத் தளத்துக்கு எந்த வழியில் கணக்குப் பார்ப்பது?

கோத்தகிரியில் மூன்று அறை வைத்து ஹோம்ஸ்டே நடத்துகிறவருக்கு ஏப்ரல், மே சீசன் தொடங்குவதற்கு முன்னால் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். தளத்தில் தமிழ், ஆங்கிலம் போக மலையாளத்திலும் கன்னடத்திலும் பக்கங்கள் இருக்கின்றன. விலை மாறும்போதெல்லாம் நாலு மொழியிலும் திருத்த வேண்டும், அதற்குக் காசு. விளம்பரத்துக்கு ஒதுக்கிய பணமும் கொஞ்சம்தான். அதை எந்த ஊர்க்காரர்களுக்குக் காட்டுவது? விளம்பரம் பார்த்துக்கொள்கிற பையன் கூகுள் அனலிட்டிக்ஸிலிருந்து ஒரு ரிப்போர்ட் எடுத்துத் தருகிறான். ஊர், வயது, எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் விசாரித்தார்கள் என்று அழகாக இருக்கிறது. பெங்களூரு, சென்னை, கோவை, கொச்சி, அப்புறம் மைசூரு, கோழிக்கோடு. அவ்வளவுதான். சுல்தான் பத்தேரி இல்லை, நிலம்பூர் இல்லை, குண்டலுபேட்டை இல்லை. சரி, அந்த ஊர்களிலிருந்து யாரும் பார்ப்பதில்லை, மலையாளப் பக்கத்தை எடுத்துவிடலாம் என்று முடிவாகிவிடும்.

இந்த முடிவு தப்பாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. ரிப்போர்ட்டில் ஒரு வரி இல்லை என்றால் அங்கிருந்து ஆளே வரவில்லை என்று பொருளில்லை. வந்தவர்கள் கொஞ்சம் பேர் என்பதால் அந்த வரியைக் காட்டாமல் விட்டிருக்கலாம். அதைச் சரியாகத் தெரிந்துகொள்ள என்னென்ன வழி இருக்கிறது, யாருக்கு எது பொருந்தும் என்பதைத்தான் இங்கே ஒப்பிட்டுப் பார்க்கிறேன். முதலில் எண்களை எது மறைக்கிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். அதில் குழப்பிக்கொண்டால் பிறகு எடுக்கிற மருந்தே நோயைக் கூட்டிவிடும்.

இரண்டு வெவ்வேறு கோளாறுகள்

ஒன்று சாம்பிளிங். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்ற கணக்குதான். தரவு மிகப் பெரிதாக இருக்கும்போது எல்லாவற்றையும் எண்ணாமல் ஒரு பங்கை மட்டும் எண்ணி, அதைப் பெருக்கிக் காட்டுவார்கள். இலவச கூகுள் அனலிட்டிக்ஸில் `Explore` பகுதியில் நாம் போடும் ஒரு கேள்விக்கு, பக்கம் திறப்பது, பொத்தானைத் தட்டுவது போன்ற நிகழ்வுகள் 1 கோடிக்கு மேல் தேவைப்பட்டால் இது நடக்கும். வழக்கமான ரிப்போர்ட் பக்கங்கள் பெரும்பாலும் முழுத் தரவிலிருந்தே வருகின்றன.

மற்றொன்று தனியுரிமை வரம்பு. வயது, பாலினம், ஆர்வம் போன்ற விவரங்கள் ஒரு ரிப்போர்ட்டில் இருந்தால், ஒரு வரியில் இருக்கும் ஆட்கள் மிகச் சிலர் என்றால், அந்த வரியையே கூகுள் காட்டாது. அந்தச் சிலர் யார் என்று ஊகித்துவிடக் கூடாது என்பதுதான் காரணம். எத்தனை பேருக்குக் கீழே போனால் மறைப்பார்கள் என்ற எண்ணை வெளியில் சொல்வதில்லை. நாம் மாற்றவும் முடியாது.

இரண்டும் சின்னக் கூட்டத்தைத்தான் அடிக்கின்றன, ஆனால் அடிக்கிற விதம் வேறு. சாம்பிளிங் குருட்டாம்போக்கானது. சின்ன எண்ணை ஒருநாள் கூட்டிக் காட்டும், ஒருநாள் குறைத்துக் காட்டும். தனியுரிமை வரம்புக்கு ஒரே திசைதான், அது எப்போதும் சின்னதை மட்டுமே எடுக்கும். ஒரு சின்ன ஊர் போனால் பரவாயில்லை, எண்பது சின்ன ஊர் ஒரே சமயத்தில் போனால் அது ஒரு பெரிய நகரத்தையே அழித்த மாதிரி.

மருந்தும் நேர்மாறு. சாம்பிளிங்கைக் குறைக்க வேண்டும் என்றால் தேதி வரம்பைச் சுருக்க வேண்டும். நாள் குறைந்தால் நிகழ்வுகள் குறையும், கேள்வி 1 கோடிக்குள் அடங்கும். தனியுரிமை வரம்பைத் தாண்ட வேண்டும் என்றால் தேதி வரம்பை நீட்ட வேண்டும். நாள் கூடினால் ஒவ்வொரு வரியிலும் ஆட்கள் சேர்வார்கள். "ரிப்போர்ட் துல்லியமா இல்லை, வாரவாரம் பிரிச்சு எடுத்துக்கோங்க" என்ற அறிவுரையை எங்கள் மலையில் பல பேரிடம் கேட்டிருக்கிறேன். மூன்று அறை ஹோம்ஸ்டேக்கு அது நேர்த் தவறான அறிவுரை. மாதம் 2,400 பேர் வருகிற தளத்தில், ஒருவருக்குப் பதினைந்து நிகழ்வு என்று வைத்தாலும் 36,000தான் ஆகிறது. 1 கோடியைத் தொட இருபது வருஷத்துக்கு மேல் ஆகும். அங்கே சாம்பிளிங் என்ற பேச்சுக்கே இடமில்லை. வாரவாரம் பிரித்தால் இன்னும் அதிகமான ஊர்கள் வரம்புக்குக் கீழே போய் மறையும்.

ஒரு மாதத்துக் கணக்கு

இந்த மறைப்பு முடிவை எப்படித் திருப்புகிறது என்பதை எண்ணில் பார்த்தால்தான் புரியும். கீழே வருவது விளக்கத்துக்காக நான் போட்ட கணக்கு. வரம்பு பத்துப் பேர் என்றும் நானே வைத்துக்கொள்கிறேன்.

ஏப்ரலில் 2,400 பேர் தளத்தைப் பார்க்கிறார்கள். பெங்களூரு 620, சென்னை 540, கோவை 410, கொச்சி 180, மைசூரு 90, கோழிக்கோடு 80. ஆக ஆறு நகரத்தில் 1,920 பேர். மீதி 480 பேர் எண்பது சின்ன ஊர்களிலிருந்து, ஊருக்கு ஆறு பேர் என்ற கணக்கில் வருகிறார்கள். நிலம்பூர், மஞ்சேரி, பத்தேரி, சாமராஜநகர், சத்தியமங்கலம் என்று பரவிக் கிடக்கிறார்கள். பெரிய நகரத்துக்காரர்கள் பத்து மலைவாசத் தலத்தை ஒரே நேரத்தில் அலசுவார்கள். பக்கத்து ஊர்க்காரர் அடுத்த சனிக்கிழமைக்கு அறை இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளவே தளத்துக்கு வருவார். ஆகவே 1,920 பேரில் 38 விசாரணையும், 480 பேரில் 36 விசாரணையும் வந்ததாக வைத்துக்கொள்வோம். முதல் கூட்டத்தில் நூற்றுக்கு 2 பேர், இரண்டாவதில் நூற்றுக்கு 7.5 பேர்.

இப்போது ஊரோடு வயதையும் சேர்த்த ரிப்போர்ட்டைப் பாருங்கள். எண்பது ஊரும் ஒட்டுமொத்தமாக மறைகின்றன. ஊருக்கு ஆறு பேரே இருக்கும்போது வயதுவாரியாகப் பிரித்தால் ஒன்றும் இரண்டுமாகத்தான் நிற்கும். மாதத்தில் வந்த 74 விசாரணையில் 36, கிட்டத்தட்டப் பாதி, எந்த வரியிலும் இல்லை. தெரிவதெல்லாம் பெரிய நகரங்கள். அதில் பெங்களூரு மேலே நிற்கிறது, பணம் அங்கே போகிறது. உண்மையில் மூன்று மடங்குக்கு மேல் பலன் தருகிற கூட்டத்துக்கு ஒரு ரூபாய்கூடப் போகவில்லை.

பெரிய நகரத்துக்குள்ளும் சேதம் உண்டு. மைசூருவின் 90 பேரை `18-24` முதல் `65+` வரை ஆறு வயதுப் பிரிவாகவும், வயது தெரியாதவர்கள் என்ற `unknown` வரியாகவும் உடைத்தால், அறுபத்தைந்து தாண்டியவர்கள் நாலைந்து பேர்தான் இருப்பார்கள். அந்த வரி போய்விடும். பெங்களூருவில் அதே வயதுக்காரர்கள் முப்பது பேர் இருப்பதால் அங்கே மட்டும் தெரியும். உடனே "வயதானவர்கள் பெங்களூரிலிருந்துதான் வருகிறார்கள்" என்று ஒரு கண்டுபிடிப்பு உருவாகும். வயதானவர்கள் எல்லா ஊரிலிருந்தும் வருகிறார்கள். கூட்டம் பெரிதாக இருக்கிற ஊரில் மட்டும் கண்ணில் படுகிறார்கள், அவ்வளவே.

இன்னொரு ஏமாற்று, காலப்போக்கில் வருவது. பத்தேரியிலிருந்து ஒரு வாரம் எட்டுப் பேர், அடுத்த வாரம் பதினொரு பேர். முதல் வாரம் வரியே இல்லை, அடுத்த வாரம் 11 என்று முளைக்கிறது. எட்டு பதினொன்றான சாதாரண அசைவு, ரிப்போர்ட்டில் பூஜ்யம் பதினொன்றாகத் தெரிகிறது. நடுவில் ஒரு விளம்பரம் போட்டிருந்தால் அதுதான் கொண்டுவந்தது என்று பெயர் வாங்கிக்கொள்ளும்.

மறைப்பு நடக்கிறதா என்று கண்டுபிடிக்க ரிப்போர்ட்டின் தலைப்பு அருகே இருக்கும் தரவுத் தர அடையாளத்தைத் தட்டிப் பாருங்கள். வரம்பு போடப்பட்டிருந்தால் அங்கே சொல்லும். ஆனால் எவ்வளவு போனது என்று சொல்லாது. அதற்கு என் வழக்கம் இதுதான்: அதே ரிப்போர்ட்டை மாதம் முழுவதற்கும் சேர்த்து ஒருமுறையும், நாள்வாரியாகத் தனித்தனியாக ஒருமுறையும் எடுத்து, நாள்வாரி எண்களைக் கூட்டுவேன். ஒரே ஆள் இரண்டு நாள் வந்தால் நாள்கணக்கில் இரண்டு முறை விழுவார். ஆகவே நாள்வாரிக் கூட்டல் மாதக் கணக்கைவிடக் கூடத்தான் வேண்டும். குறைந்தால், நாள்வாரி ரிப்போர்ட்டில் வரிகள் விழுங்கப்பட்டிருக்கின்றன என்று சந்தேகமில்லாமல் சொல்லலாம்.

முதல் வழி: அதே கருவி, கேள்வியை மாற்றிப் போடுவது

காசும் ஆளும் தேவைப்படாத வழி இது. ஹோம்ஸ்டே நடத்துகிற எவரும் முதலில் இதைத்தான் செய்ய வேண்டும் என்பது என் கருத்து.

வயது, பாலினம், ஆர்வம் மூன்றையும் ரிப்போர்ட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். வரியாகவோ வடிகட்டியாகவோ மட்டுமல்ல, வயதை வைத்து உருவாக்கிய பார்வையாளர் குழுவாகவும் அது உள்ளே இருக்கக் கூடாது. ஊரை மட்டும் வைத்து எடுத்தால் எண்பது சின்ன ஊரும் மறுபடி எழுந்து வரும். நமக்கு வேண்டிய முடிவு மலையாளப் பக்கத்தை வைப்பதா எடுப்பதா என்பது. அதற்கு வயது எதற்கு? பெரும்பாலான ரிப்போர்ட்டில் வயது சும்மா ஒட்டிக்கொண்டு வருகிறது, போகும்போது சின்ன ஊர்களையும் கூட்டிக்கொண்டு போய்விடுகிறது.

வயது கட்டாயம் வேண்டும் என்றால் ஊரை விட்டுவிட்டு மாநிலத்தோடு நிறுத்துங்கள். ஊருக்கு ஆறு பேர் என்று சிதறியவர்கள் `Kerala` என்ற ஒரு வரியில் நூற்றுக்கணக்கில் சேர்ந்துவிடுவார்கள். தேதியையும் சீசனோடு முன்பின் சேர்த்து மூன்று மாதம் என்று நீட்டலாம். இழப்பது நுணுக்கம். எந்த வாரம் கூட்டம் கூடியது என்று தெரியாது. சின்னத் தளத்துக்கு அது தாங்கக்கூடிய இழப்பு.

ஒரே ஆளை எதை வைத்து அடையாளம் காண்பது என்று தீர்மானிக்கும் `Reporting identity` என்ற அமைப்பை `Device-based` என்று மாற்றினால் மறைப்பு போய்விடும் என்று பழைய குறிப்புகள் பலவற்றில் பார்க்கலாம். 2024 பிப்ரவரி 12 முதல் அந்த அடையாளக் கணக்கிலிருந்து, உள்நுழைந்த கூகுள் கணக்குகளை வைத்து ஆட்களைக் கண்டுகொள்ளும் கூகுள் சிக்னல்ஸை எடுத்துவிட்டார்கள். வயது விவரம் கொண்ட ரிப்போர்ட்டை அந்த மாற்றம் காப்பாற்றாது. வயதை எடுப்பதுதான் வழி.

தேடல் சொற்களின் கதை தனி. தமிழ், மலையாளம், கன்னடம் வைத்திருப்பவர்களுக்கு இதுவே பெரிய அடி என்று நினைக்கிறேன். கூகுளில் என்ன தேடி நம் தளத்துக்கு வந்தார்கள் என்று காட்டும் சர்ச் கன்சோலில், இரண்டு மூன்று மாதத்தில் சில டஜன் பேருக்கு மேல் தேடாத சொற்றொடரைப் பட்டியலில் காட்ட மாட்டார்கள். மேலே இருக்கும் மொத்தக் கிளிக் எண்ணிக்கையில் அது சேரும், பட்டியலில் இருக்காது. தேடல் சொல்லை வைத்து வடிகட்டினால் மொத்தத்திலிருந்தும் போய்விடும். `kotagiri` உள்ள சொற்கள் 300 கிளிக், இல்லாதவை 220 கிளிக் என்று வரும். கூட்டினால் 520, ஆனால் வடிகட்டாத மொத்தம் 900 என்று நிற்கும். நடுவில் போன 380 மறைக்கப்பட்ட சொற்கள்.

இதில் நம் மொழிகளுக்கு ஏன் அதிக நட்டம் என்றால், நாம் ஒரே சொல்லைப் பலவிதமாகத் தட்டச்சு செய்கிறோம். கோத்தகிரி, கோத்தகிரீ, `kothagiri`, `kotagiri`. ஹோம்ஸ்டே, ஹோம் ஸ்டே, தங்கும் விடுதி, `thangum idam`. இவற்றைக் கலந்தால் ஒரே தேவைக்கு இருபது எழுத்துக்கோவை. ஒவ்வொன்றையும் சிலரே தேடுகிறார்கள், ஒவ்வொன்றும் தனித்தனியாக மறைகிறது. ஆங்கிலத்தில் எல்லோரும் ஏறக்குறைய ஒரே மாதிரி எழுதுவதால் ஆங்கிலச் சொல் வரம்பைத் தாண்டிவிடுகிறது. பட்டியலைப் பார்க்கிறவர் "தமிழில், மலையாளத்தில் யாரும் தேடுவதில்லை" என்று முடிவுக்கு வருகிறார்.

இதற்கு நல்ல மாற்று உண்டு. சொல்லை வைத்து எண்ணாமல் பக்கத்தை வைத்து எண்ணுங்கள். மலையாளப் பக்கங்கள் எல்லாம் `/ml/` என்றும் கன்னடப் பக்கங்கள் `/kn/` என்றும் தொடங்கினால், சர்ச் கன்சோலில் பக்க வடிகட்டியில் `/ml/` போட்டாலே போதும். பக்கத்தை வைத்து வடிகட்டும்போது மறைக்கப்பட்ட சொற்களின் கிளிக்கும் மொத்தத்தில் சேர்ந்தே வரும். என்ன தட்டி வந்தார்கள் என்பது தெரியாது, எத்தனை பேர் வந்தார்கள் என்பது தெரியும். நம் முடிவுக்கு அது போதும். தளம் கட்டும்போதே மொழிக்கு ஒரு முகவரித் தொடக்கம் வைப்பது இதற்காகவே பயன்படும்.

இரண்டாவது வழி: மூலத் தரவைப் பிக்குவெரியில் இறக்குவது

ரிப்போர்ட் என்ற இடைத்தட்டையே விட்டுவிட்டு நிகழ்வுகளை ஒவ்வொன்றாக நம் கணக்குக்குக் கொண்டுவருவது இந்த வழி. அனலிட்டிக்ஸின் நிர்வாகப் பக்கத்தில், கூகுளின் தரவுக் கிடங்கான பிக்குவெரிக்கு இணைப்பைப் போட்டுவிட்டால் நாள்தோறும் ஓர் அட்டவணை வந்து விழும். இலவச நிலையில் நாளுக்கு 10 லட்சம் நிகழ்வு வரை அனுப்பலாம். நம் ஹோம்ஸ்டேக்கு நாளுக்கு ஆயிரத்துச் சொச்சம்தான். இங்கே தனியுரிமை வரம்பும் இல்லை, சாம்பிளிங்கும் இல்லை. எண்பது ஊரையும் ஒரே கேள்வியில் எடுக்கலாம்:

```sql
SELECT
  geo.region, geo.city,
  COUNT(DISTINCT user_pseudo_id) AS users,
  COUNTIF(event_name = 'enquiry_sent') AS enquiries
FROM `myproject.analytics_123456789.events_*`
WHERE _TABLE_SUFFIX BETWEEN '20250401' AND '20250430'
GROUP BY 1, 2
ORDER BY users DESC
```

`enquiry_sent` என்பது நம் தளத்தில் விசாரணைப் படிவத்துக்கு வைத்த பெயர், உங்களுடையது வேறாக இருக்கலாம். இதில் வரும் எண் ரிப்போர்ட்டோடு அப்படியே ஒத்துப்போகாது. ரிப்போர்ட்டில் ஆட்களின் எண்ணிக்கை ஒரு மதிப்பீட்டு முறையில் வருகிறது, இங்கே நேரடியாக எண்ணுகிறோம். சின்ன வித்தியாசத்தைப் பார்த்துப் பதற வேண்டாம்.

விலை பெரிதல்ல. ஏறக்குறைய 6 லட்சம் நிகழ்வு சேர்ந்தால்தான் ஒரு ஜிபி ஆகும். மாதம் 36,000 என்றால் ஒரு வருஷம் முழுக்கச் சேர்த்தாலும் ஒரு ஜிபி வராது. இலவச ஒதுக்கீடு 10 ஜிபி. கட்டணக் கணக்கு சேர்க்காமல் சாண்ட்பாக்ஸ் நிலையிலேயே விட்டால்தான் சிக்கல். அட்டவணைகள் 60 நாளில் தானாக அழிந்துவிடும். ஏப்ரல் தரவு ஜூன் கடைசிக்குள் போய்விடும். அடுத்த வருஷம் சீசனோடு ஒப்பிடலாம் என்று திறந்து பார்த்தால் வெறும் அலமாரிதான் இருக்கும். கட்டண அட்டையை இணைத்து, அட்டவணையின் காலாவதியையும் நீக்கிவிட வேண்டும். இரண்டாவதைப் பலர் மறக்கிறார்கள்.

பெரிய குறை, பின்னோக்கிப் போக முடியாது என்பது. இணைப்புப் போட்ட நாளிலிருந்துதான் தரவு வரும். மே மாத மலர்க் கண்காட்சி முடிந்த பிறகு "போன மாதம் எப்படி" என்று கேட்டு இணைத்தால் ஒன்றும் கிடைக்காது. இப்படிக் கேள்வி எழுதும் மொழியான எஸ்கியூஎல் தெரிந்த ஓர் ஆளும் வேண்டும். குன்னூரிலோ ஊட்டியிலோ தளம் செய்து கொடுக்கிறவர்களில் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். மேலே உள்ள கேள்வியை ஒருமுறை எழுதி வாங்கிவிட்டால் தேதியை மட்டும் மாற்றி நீங்களே ஓட்டலாம்.

வயதும் பாலினமும் இங்கே கிடைக்காது. கூகுள் அவற்றை ஏற்றுமதியில் அனுப்புவதே இல்லை. பத்தேரியிலிருந்து வந்த அறுபத்தைந்து வயதுக்காரர் எத்தனை பேர் என்ற கேள்விக்கு எந்த வழியிலும் பதில் இல்லை. அது சரியானதே என்று நினைக்கிறேன். எங்கள் மலையில் ஊர்கள் சின்னவை, எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். ஒரு மருத்துவமனைத் தளத்தின் ரிப்போர்ட்டில் "இந்த ஊர், பெண், 55-64, இந்தப் பக்கத்தைப் பார்த்தார், ஒரு நபர்" என்று ஒரு வரி வந்தால், பெயர் போட்டுச் சொன்ன மாதிரிதான். வரம்பு எரிச்சலூட்டுகிறது என்றாலும் அது காப்பாற்றுவது நிஜமான ஓர் ஆளை. பிக்குவெரியில் இறக்கிய பிறகு அந்தக் காவல் நம் கைக்கு வந்துவிடுகிறது. ஒன்றிரண்டு பேர் உள்ள வரிகளை வாட்சப் குழுவில் போடாமல், பகிரும் முன் மாநிலவாரியாகச் சேர்த்துவிட வேண்டும்.

சர்ச் கன்சோலுக்கும் பிக்குவெரி ஏற்றுமதி உண்டு. மறைக்கப்பட்ட சொற்கள் அங்கேயும் வெளிப்படாது. ஆனால் `is_anonymized_query` என்ற குறியோடு வருவதால், `/ml/` பக்கத்துக்கு வந்த கிளிக்கில் எவ்வளவு பங்கு மறைந்தது என்று கணக்கிடலாம். மலையாளப் பக்கத்திலும் ஆங்கிலப் பக்கத்திலும் அந்தப் பங்கை ஒப்பிட்டால், எழுத்துக்கோவைச் சிதறல் எவ்வளவு தின்கிறது என்று கண்ணெதிரே தெரியும்.

மூன்றாவது வழி: சொந்த சர்வரில் மட்டோமோ

அனலிட்டிக்ஸ் செய்கிற அதே வேலையைச் செய்யும் மட்டோமோ என்ற திறந்த மூல மென்பொருளை நம் சர்வரில் நிறுவிக்கொண்டால் எல்லாத் தரவும் நம்மிடமே இருக்கும், சின்ன வரியை மறைக்கும் வரம்பு இல்லை. பக்கங்களின் பட்டியல் மிக நீண்டால் கடைசியில் உள்ளவற்றை `Others` என்று சேர்த்துவிடும், அதையும் அமைப்பில் மாற்றலாம். சர்வரைப் புதுப்பித்துப் பாதுகாக்கும் வேலையும், 2023ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் பொறுப்பும் முழுக்க நம் தலையில். மூன்று அறைக்கு இது வேண்டாம். பல விடுதிகள் சேர்ந்து ஒரு தொழில்நுட்ப ஆளை வைத்திருந்தால் யோசிக்கலாம்.

பெரிய தளமாக இருந்தால்

நீலகிரியின் நூற்றுக்கணக்கான விடுதிகளுக்கு முன்பதிவு எடுக்கும் ஒரு பெரிய தளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதற்குத்தான் சாம்பிளிங் பிரச்சினை. சீசன் கேள்விக்கு 4 கோடி நிகழ்வு என்றால் கருவி ஏறக்குறைய கால் பங்கை எண்ணி நாலால் பெருக்கும். மொத்த முன்பதிவு 4,000 என்றால் காட்டும் எண் பெரும்பாலும் 3,780க்கும் 4,220க்கும் நடுவில் விழும், கவலையில்லை. மசினகுடிக்கு 40 முன்பதிவு என்றால் அது 18இலிருந்து 62 வரை எங்கும் விழலாம். போன வருஷம் 25 காட்டி இந்த வருஷம் 55 காட்டினால் வளர்ச்சி என்று கொண்டாட முடியாது, இரண்டுமே அதே 40ஆக இருக்கலாம். இங்கே நாளைச் சுருக்கி வாரவாரமாக எடுத்து முன்பதிவுகளைக் கூட்டுவது சரியான மருந்து. முன்பதிவுகளைக் கூட்டலாம், ஆட்களைக் கூட்டக் கூடாது, இரட்டிப்பாகிவிடும். மசினகுடி மாதிரி சின்ன இடங்களுக்குத் தளத்தின் சொந்த முன்பதிவு அட்டவணையிலிருந்தே எண்ணுவது எல்லாவற்றையும்விட நல்லது. அங்கே மதிப்பீடு எதற்கு?

நான்காவது வழி: வருகைப் பதிவேடு

எண்ணிக்கை சின்னதாக இருக்கும்போது ஒரு வசதி உண்டு, நேராகவே கேட்டுவிடலாம். ஹோம்ஸ்டேயில் வருகிறவரின் பெயர், ஊர், வண்டி எண் எல்லாம் பதிவேட்டில் எழுதி வாங்குகிறோம். வண்டி எண்ணே பாதிக் கதையைச் சொல்லிவிடும். கே.எல். 10 மலப்புறம், கே.எல். 71 நிலம்பூர், கே.எல். 73 சுல்தான் பத்தேரி, கே.ஏ. 09 மைசூரு, கே.ஏ. 10 சாமராஜநகர்.

இந்த வழியை நான் உயர்த்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. முதல் இரண்டு வழியிலும் மறைப்பு முழுக்க நீங்கினாலும் ஊர்ப் பெயர் ஐபி முகவரியை வைத்து ஊகித்தது. மொபைல் தரவில் பார்க்கிறவரின் இணைப்பு எந்த நகரம் வழியாக வெளியேறுகிறதோ அந்த நகரத்தின் பெயர் விழலாம். கூடலூரில் உட்கார்ந்து பார்ப்பவர் கோவைக் கணக்கிலோ சென்னைக் கணக்கிலோ போவது சாதாரணம். நிலம்பூர்க்காரர் கொச்சியாகத் தெரியலாம். ஆக ரிப்போர்ட்டில் வரம்பு மறைத்தது ஒரு பக்கம், பெரிய நகரம் விழுங்கியது இன்னொரு பக்கம். இரண்டும் ஒரே திசையில் தள்ளுகின்றன, பெரிய நகரத்தைப் பெரிதாக்கிக் காட்டுகின்றன. பதிவேட்டில் அந்தத் தள்ளல் கிடையாது.

குறையும் உண்டு. வாடகை வண்டியில் வந்தால் எண் உதவாது. பெங்களூருவில் வேலை பார்க்கும் மலையாளி கே.எல். வண்டியில் வருவார். முக்கியமாக, பதிவேட்டில் வந்து தங்கியவர்கள் மட்டுமே இருக்கிறார்கள். பார்த்துவிட்டுப் போனவர்களும் விசாரித்து வராதவர்களும் இல்லை. மலையாளப் பக்கத்தில் விலை புரியாமல் திரும்பிப் போனவர் எந்தப் பதிவேட்டிலும் ஏற மாட்டார். அவரை `/ml/` எண்ணிக்கையில்தான் பிடிக்க முடியும். ஆகவே பதிவேடு தனியாக நிற்காது, முதல் வழிக்குச் சரிபார்ப்பாக நிற்கும். ரிப்போர்ட் தரும் கேரளப் பங்கையும் பதிவேடு தரும் கேரளப் பங்கையும் அருகருகே வையுங்கள். பதிவேட்டில் மூன்றில் ஒரு பங்கு கேரள வண்டி, ரிப்போர்ட்டில் பத்தில் ஒன்று என்றால், ரிப்போர்ட்டில் எதுவோ விழுங்கப்பட்டிருக்கிறது, முடிவைத் தள்ளிப் போடுங்கள்.

எதை எடுப்பது

மூன்று அறை, மாதம் ஓரிரண்டாயிரம் பேர் பார்க்கிற தளம் என்றால் முதல் வழியும் நான்காவதும் போதும். வயதை எடுத்த ரிப்போர்ட், `/ml/`, `/kn/` பக்கக் கணக்கு, பதிவேடு. மலையாளப் பக்கத்தை வைப்பதா என்ற முடிவுக்கு இதற்குமேல் ஒன்றும் தேவையில்லை. விளம்பரத்துக்கு மாதாமாதம் கணிசமாகச் செலவழிக்கிறவர்கள், இரண்டு மூன்று இடத்தில் அறை வைத்திருக்கிறவர்கள், பிக்குவெரியையும் சேர்த்துக்கொள்ளலாம். இப்போது பயன்படுத்தாவிட்டாலும் இணைப்பை மட்டும் போட்டு வைப்பதில் நட்டமில்லை. பிப்ரவரி கடைசிக்குள் போட்டுவிட்டால் சீசன் முழுக்கக் கையில் இருக்கும்.

பதிவேட்டில் இந்த சீசனிலிருந்து ஒரு கட்டம் கூடுதலாகப் போடச் சொல்வேன்: எந்த வழியாக மேலே ஏறினீர்கள்? மேட்டுப்பாளையமா, கூடலூரா, வேறு வழியா? ஊர்ப் பெயரை ஊகிக்கிற எந்தக் கருவியாலும் இதைச் சொல்ல முடியாது. கூடலூர் வழி என்று எழுதியவர்கள் மூன்றில் ஒரு பங்காவது இருந்தால், மலையாளப் பக்கத்துக்கும் கன்னடப் பக்கத்துக்கும் பணம் ஒதுக்குங்கள். ரிப்போர்ட்டில் பத்தேரி வரி இல்லாவிட்டாலும்.